"அல்லாஹ் கூறுகிறான்" என்று இருந்தாலே குர்ஆன் வசனம் ஆகிவிடாது

போன வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், சூரா என்று நாங்கள் சொல்லும் எங்கள் சிறு தொழுகைக்கூடத்துக்குப் போனபோது, மதரஸா ஆண்டு விழாவுக்கான பேனரில் போட பையன்கள் ஒரு வாசகம் எழுதி வைத்திருந்தார்கள். "அல்லாஹ் கூறுகிறான்: என் அருள் என் கோபத்தை மிகைத்துவிட்டது. – திருக்குர்ஆன்". பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் பல வருடங்களுக்கு முன் இதே வாசகத்தை இதே சூராவின் அழைப்பிதழில் அச்சடித்தவன் நான்.

"தாயின் காலடியில் சொர்க்கம்" நபிமொழிதான் என்பது இப்போது பலருக்கும் தெரிகிறது, அதை விட்டுவிடுகிறேன்.

பேசுபவன் அல்லாஹ் என்பதால் வசனம் என்று முடிவு கட்டுவது

இதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தும் தவறு. அல்லாஹ் சொன்னதாக நபி அவர்கள் எடுத்துச் சொன்ன ஹதீஸ்கள் உண்டு, அவற்றுக்கு ஹதீஸ் குத்ஸி என்று பெயர். "நான்", "என் அடியான்" என்றெல்லாம் வரும், கேட்பதற்கு வசனம் போலவே இருக்கும். ஆனால் அது குர்ஆனில் சேராது, தொழுகையில் அதை ஓத முடியாது.

பையன்கள் எழுதிய வாசகத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அபூஹுரைரா அறிவிக்கும் அந்த ஹதீஸில், அல்லாஹ் படைப்புகளைப் படைத்தபோது, தன் சிம்மாசனமான அர்ஷின் மேல் தன்னிடம் உள்ள புத்தகத்தில் இதை எழுதினான் என்று வருகிறது. புத்தகம் என்ற சொல்லைப் பார்த்ததும் மனம் நேராகக் குர்ஆனுக்குப் போய்விடுகிறது. அங்கே சொல்லப்படுவது அல்லாஹ்விடம் இருக்கும் ஏடு, நம் கையில் இருக்கும் குர்ஆன் பிரதியான முஸ்ஹஃப் இல்லை.

நான் சறுக்கியது எண்ணில். என் பழைய நோட்டில் இந்த வாசகத்தின் பக்கத்தில் 3194 என்று மட்டும் இருந்தது, எந்த நூல் என்று எழுதவில்லை. நடுவில் புள்ளிகள் விட்டுப்போயிருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு 3:194 ஆக்கிவிட்டேன். குர்ஆனின் மூன்றாம் அத்தியாயமான ஆலு இம்ரானில் 200 வசனங்கள் இருப்பதால் எண்ணும் பொருந்தியது, குர்ஆனைத் திறந்து பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அட்டைகள் போன மூன்றாம் நாள், பால்மரம் சீவி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தன் வீட்டுத் தமிழ் குர்ஆனோடு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். "எங்கள் இறைவனே, உன் தூதர்கள் மூலம் எங்களுக்கு வாக்களித்ததைத் தருவாயாக" என்ற துஆ அங்கே இருந்தது. "தம்பி, இதுல கோபம் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார்.

3194 ஸஹீஹுல் புகாரியின் ஹதீஸ் எண். 180 வெள்ளி கைக்காசு போட்டுத் திரும்ப அச்சடித்தேன். ஆனால் தோட்டத்து வீடுகளுக்குப் போய்விட்ட அட்டைகளைத் திரும்ப வாங்க முடியவில்லை, ஒரு வீட்டுச் சுவரில் அது பல வருடம் ஒட்டியிருந்தது.

அதனால் பையன்களை உட்கார வைத்து, சொல் சொல்லாகத் தேட வைத்தேன். "என் அருள்", அதாவது ரஹ்மத்தீ, 7:156இல் இருக்கிறது. "என் தண்டனையை நான் நாடியவருக்குக் கொடுப்பேன், என் அருளோ எல்லாப் பொருள்களையும் சூழ்ந்திருக்கிறது" என்பது அதன் கருத்து. கிட்டத்தட்ட அதே வாசகம் போலத் தெரிகிறது, இல்லையா? ஆனால் இங்கே இருப்பது தண்டனை, கோபம் இல்லை, மிகைத்தது என்ற பேச்சும் இல்லை. "என் கோபம்", களபீ, 20:81இல் வருகிறது, அங்கே இந்த அருள் என்ற சொல் இல்லை. இரண்டும் சேர்ந்து நிற்பது ஹதீஸில்தான். கருத்து ஒத்துப்போவதை வைத்து ஏமாறாமல், சொற்கள் ஒரே வசனத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

புத்தகம் கையில் இல்லையென்றால், குர்ஆனை முழுதும் மனனம் செய்த ஒரு ஹாஃபிழிடம் கேளுங்கள்: "இதுக்கு முன்னாடி என்ன வருது, பின்னாடி என்ன வருது?" வசனம் என்றால் அவர் முன்னும் பின்னும் ஓதிவிடுவார்.

அரபியில் இருந்தால் வசனம்தான் என்று நம்புவது

பழமொழியும் அரபியில் இருக்கும்.

அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் சேர்த்து மேற்கோள் காட்டுவது

அது மொழிபெயர்த்தவர் சேர்த்த விளக்கம்.

குர்ஆனில் இல்லை என்றதும் ஹதீஸ் என்று மாற்றி எழுதிவிடுவது

பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. "சீனா சென்றேனும் கல்வியைத் தேடு" குர்ஆனில் இல்லை, ஆனால் அதை நபிமொழி என்று போடவும் முடியாது. அதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது, ஹதீஸ் அறிஞர் இப்னுல் ஜவ்ஸி அதை இட்டுக்கட்டப்பட்டவற்றில் சேர்த்திருக்கிறார். எந்தத் தொகுப்பு, எந்த எண் என்று பார்த்த பிறகுதான் நபிமொழி என்று எழுத வேண்டும். இதற்கு நேர்மாறாக, குர்ஆன் இல்லை என்றதும் பொய் என்று தூக்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பையன்களின் வாசகம் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ், அதில் திருத்த வேண்டியது பெயர் மட்டும்தான்.

கடைசியில் வாசகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கீழே "நபிமொழி, நூல்: புகாரி, எண் 3194" என்று எழுதினார்கள். "நூல்" என்ற சொல்லையும் "எண்" என்ற சொல்லையும் விடாமல் எழுதச் சொன்னது நான்தான்.