மாடி டிஷ்ஷும் விண்வெளி நிலையமும்: ஒன்றின் சுற்றுக்காலத்தை வைத்து மற்றொன்றைக் கண்டுபிடிப்பது எப்படி?

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் ஒரு டிஷ் ஆன்டெனா கண்ணில் படும். தூர்தர்ஷனின் இலவச டிஷ் என்றால், அது தென்கிழக்கு வானில் நல்ல உயரத்தில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கி இருக்கும். ஒருமுறை சிக்னல் பார்த்து போல்ட்டை முறுக்கிவிட்டால் பிறகு அதைத் திருப்ப வேண்டிய வேலையே இல்லை. அதே மாடியிலிருந்து சில நாட்களில், பொழுது சாய்ந்த பிறகு, பளிச்சென்ற ஒரு புள்ளி மேற்கே கிளம்பி ஐந்தாறு நிமிடத்துக்குள் கிழக்குப் பக்கம் போய் மறைவதையும் பார்க்கலாம். அது சர்வதேச விண்வெளி நிலையம்.

ஒன்று அசையாமல் நிற்பதுபோல இருக்கிறது, மற்றொன்று ஓடுகிறது. ஆனால் இரண்டும் ஒரே பூமியைத்தான் சுற்றுகின்றன. அதனால் ஒன்றின் சுற்றுக்காலம் தெரிந்தால் மற்றொன்றுடையதைக் கால்குலேட்டரிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஈர்ப்பு மாறிலியோ பூமியின் நிறையோ தேவையில்லை.

இதற்கு உதவுவது கெப்ளரின் மூன்றாம் விதி. சூரியனைச் சுற்றும் கோள்களுக்காக அவர் 1619-இல் வெளியிட்டது. சுற்றுக்காலத்தின் இருமடி, சுற்றுப்பாதை ஆரத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்கிறது. இரண்டு செயற்கைக்கோள்களுக்கு எழுதினால் இப்படி வரும்:

```
(T1 / T2)² = (r1 / r2)³
```

டிஷ் பார்க்கும் கோளுக்கு 1 என்றும் விண்வெளி நிலையத்துக்கு 2 என்றும் எண் கொடுத்துக்கொள்வோம்.

படி 1: உயரத்தை ஆரமாக மாற்றுங்கள்

எங்கு தேடினாலும் கிடைப்பது தரையிலிருந்து உள்ள உயரம்தான். ஜிசாட்-15-க்கு 35,786 கி.மீ., விண்வெளி நிலையத்துக்குச் சுமார் 400 கி.மீ. விதி கேட்பதோ பூமியின் மையத்திலிருந்து உள்ள தூரம். ஆகவே இரண்டோடும் பூமியின் ஆரம் 6,378 கி.மீ.யைக் கூட்ட வேண்டும்.

```
r1 = 35786 + 6378 = 42164
r2 =   400 + 6378 =  6778
```

படி 2: விகிதம், மும்மடி, வர்க்கமூலம்

```
42164 / 6778 = 6.22
6.22 × 6.22 × 6.22 = 240.6
√240.6 = 15.5
```

நிலையம் 15.5 முறை சுற்றும் நேரத்தில் ஜிசாட்-15 ஒருமுறை சுற்றுகிறது என்பது இதன் பொருள்.

படி 3: தெரிந்த காலத்தை வகுங்கள்

ஜிசாட்-15-இன் சுற்றுக்காலம் 23 மணி 56 நிமிடம், அதாவது 1,436 நிமிடம். இதை 15.5-ஆல் வகுத்தால் 92.6 நிமிடம். விண்வெளி நிலையம் நிஜமாகவே ஏறத்தாழ 93 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. கணக்கு சரி.

ப்ளஸ் ஒன் படிக்கும் என் அக்கா மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது அவள் முதல் படியைத் தாண்டிவிட்டு நேராக 35,786-ஐ 400-ஆல் வகுத்தாள். "மாமா, 1.7 நிமிடம்தான் வருது" என்றாள். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இந்த இடத்தில்தான். விடை தப்பு என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அந்தப் பாதையின் சுற்றளவு சுமார் 42,600 கி.மீ. அதை 1.7 நிமிடத்தில் கடக்க வேண்டுமானால் விநாடிக்கு 400 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். விநாடிக்குச் சுமார் 11 கி.மீ. வேகம் வந்தாலே ஒரு பொருள் பூமியின் பிடியை விட்டுப் போய்விடும். அப்புறம் எங்கே சுற்றுவது? விடை கிடைத்ததும் சுற்றளவைக் காலத்தால் வகுத்து வேகத்தைப் பார்த்துவிடுங்கள். பூமியை வட்டமாகச் சுற்றும் எதற்கும் விநாடிக்கு 8 கி.மீ.யைத் தாண்டினால் எங்கோ பிழை.

சரி, ஆரம் ஆறு மடங்குதானே கூடியது, காலம் ஏன் பதினைந்து மடங்கு கூடியது? இதற்குக் காரணங்கள் இரண்டு, இரண்டும் ஒரே திசையில் வேலை செய்கின்றன. முதலாவது, பாதை 6.22 மடங்கு நீளம். இரண்டாவது, மேலே போகப் போக ஈர்ப்பு குறைவதால் வட்டத்தில் நிற்கக் குறைந்த வேகமே போதும். அந்த வேகம் ஆரத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகக் குறைகிறது. நிலையத்தின் வேகம் விநாடிக்கு 7.67 கி.மீ., ஜிசாட்-15-இன் வேகம் 3.07 கி.மீ., அதாவது 2.5 மடங்கு மெதுவானது. 6.22-ஐ 2.5-ஆல் பெருக்கினால் நம்முடைய 15.5 வந்துவிடும். விதியில் இருமடியும் மும்மடியும் வருவது இதனால்தான். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

24 மணி என்று போடாமல் 23 மணி 56 நிமிடம் என்று போட்டது ஏன் என்றும் கேட்பீர்கள். 24 மணி என்பது சூரியனை வைத்து அளக்கும் நாள். பூமி சூரியனையும் சுற்றிக்கொண்டிருப்பதால், தன் அச்சில் ஒரு முழுச் சுற்றை அதற்கு 4 நிமிடம் முன்பே முடித்துவிடுகிறது. நம் ஒப்பீட்டில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, 92.6 என்பது 92.9 ஆகும், அவ்வளவுதான். டிஷ்ஷுக்கோ இது பெரிய விஷயம். கோள் சரியாக 24 மணியில் சுற்றினால் நாளுக்கு ஏறக்குறைய 1 டிகிரி மேற்கே நழுவும், சில நாட்களில் டிவியில் படம் போய்விடும்.

விதியைத் திருப்பியும் போடலாம். ஜிபிஎஸ் கோள்கள் 11 மணி 58 நிமிடத்தில், அதாவது ஜிசாட்-15-இன் பாதி நேரத்தில் சுற்றுகின்றன. கால விகிதம் 2, அதன் இருமடி 4, அதன் கனமூலம் 1.587. 42,164-ஐ 1.587-ஆல் வகுத்தால் 26,568. பூமியின் ஆரத்தைக் கழித்தால் உயரம் சுமார் 20,200 கி.மீ.

இரண்டு வரம்புகளை மட்டும் கவனியுங்கள். ஒப்பிடும் இரண்டும் ஒரே பொருளைச் சுற்ற வேண்டும். பூமியின் கோளையும் வியாழனின் நிலவையும் ஒரே சமன்பாட்டில் போட்டால் விடை பொருளில்லாமல் போகும். பாதை நீள்வட்டமாக இருந்தால் ஆரத்துக்குப் பதில் நெட்டச்சின் பாதியைப் போட வேண்டும்.

இந்த 92.6 நிமிடத்தை மாடியிலேயே பயன்படுத்திப் பார்க்கலாம். மாலை 6:45-க்கு நிலையம் காரைக்குடிக்கு நேர் மேலே போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு சுற்று முடித்து 8:18 வாக்கில் திரும்பும்போது, கீழே பூமி 23 டிகிரி கிழக்கே திரும்பியிருக்கும். அதனால் நிலையம் நம் தலைக்கு மேல் வராது, 23 டிகிரி மேற்கே தள்ளி அரபிக்கடலைக் கடக்கும். அவ்வளவு தூரத்தில் இருப்பது நம் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். மாடியில் காத்திருந்தாலும் தெரியாது.