முழங்கால் நோவுக்கு வாங்கிய பத்துக் குளிசை: இதய நோயாளர் வீடுகளில் நடக்கும் தவறுகள்

எங்கள் பெரியப்பாவுக்கு வயது 67. இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து, இதயம் இரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்துவிட்டது. மாதம் ஒருமுறை கிளிநொச்சிக்குக் கிளினிக் வருவார். காலையில் மூத்திரக் குளிசை (ஃபுரோசமைட்), இரு வேளையும் எனலாபிரில், ஸ்பைரனோலக்டோன், சின்ன அஸ்பிரின், இன்னும் இரண்டு. ஒருவேளையும் தவறவிடமாட்டார். உப்பும் குறைத்துத்தான் சாப்பிடுவார்.

மார்கழி மழைக்கு வயல் வரம்பு உடைந்தது. ஒரு பகல் முழுக்கச் சேற்றில் நின்று மண்வெட்டி பிடித்தார். இரவு முழங்கால் வீங்கி நோவெடுத்தது. நான் பாமசியில் வேலை செய்கிறேன் என்பது தெரிந்தும் எனக்கு அழைக்கவில்லை. சந்தியில் உள்ள கடையில் ‘நோக்குளிசை’ என்று கேட்க, பெயரெழுதாத காகித உறையில் பத்துக் குளிசை கொடுத்திருக்கிறார்கள். நாளுக்கு இரண்டு. முதல் நாளே நோ பறந்துவிட்டது.

மூன்றாம் நாள் பாதத்தில் செருப்பு வார் பதிந்த தடம் மாறாமல் கிடந்தது. மூத்திரமும் குறைவு. குளிசையால் நோ குறைந்து, நிறைய நடந்ததால் வந்த வீக்கம் என்று நினைத்தார். நான்காம் இரவு படுத்தால் இருமல். மழையில் நனைந்த தடிமன் என்று பெரியம்மா தடிமன் குளிசை ஒரு அட்டை வாங்கிக் கொடுத்தா. ஐந்தாம் நாள் நெஞ்சுக்குள் கோழி செட்டையடிப்பது போல இருக்கிறது என்றார். ஆறாம் நாள் விடியப்புறம் படுக்கவே முடியாமல் விறாந்தைக் கதிரையில் குந்தியிருந்தபடி மூச்சுக்குத் தவித்தவரை 1990 அம்புலன்ஸ் வந்து ஏற்றிச் சென்றது.

கிளினிக் கொப்பியில் போன மாத நிறை 58 கிலோ. அன்று 62.5. ஆறு நாளில் கூடிய நாலரைக் கிலோவும் உடம்பில் தங்கிய தண்ணீர். சிறுநீரகம் மந்தமானால் இரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் 1.1 இலிருந்து 2.0க்கு ஏறியிருந்தது. பொட்டாசியமும் கூடி 5.8.

“கால் நோவுக்குத்தானே பிள்ளை, இதுக்கு ஏன் உன்னைக் கரைச்சல் படுத்துவான் எண்டு நினைச்சனான்” என்றார் என்னிடம், முகத்தில் ஒட்சிசன் மூடியோடு.

நோக்குளிசை எங்கே கைவைக்கிறது

உறையில் இருந்தது டைக்ளோபினாக். இபுபுரூபன், மெபனமிக் அசிட், நப்ரொக்சன் எல்லாம் அதே குடும்பம். நோவையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரஸ்டகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் சுரப்பதை இவை தடுக்கின்றன. அதனால்தான் முழங்கால் அவ்வளவு விரைவாக ஆறியது. ஆனால் அதே பொருள்தான் சிறுநீரகத்துக்குள் இரத்தம் வரும் குழாயைத் திறந்து வைத்திருக்கிறது.

இதயம் பலமாக உள்ளவருக்கு அந்தக் குழாய் கொஞ்சம் சுருங்கினாலும் பெரிதாகத் தெரியாது. பலம் குறைந்த இதயம் தள்ளும் இரத்தம் ஏற்கனவே மட்டுமட்டு. குளத்தில் தண்ணீர் குறைந்த காலத்தில் துருசையும் பாதி இறக்கிவிட்டால் கடைக்கோடி வயலுக்கு என்ன போகும்? சிறுநீரகம் அந்தக் கடைக்கோடி வயல். தண்ணீர் வரத்துக் குறைந்ததும் உடம்பு காய்கிறது என்று நினைத்து, உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. காலையில் போட்ட மூத்திரக் குளிசை அதோடு மல்லுக்கட்டித் தோற்கிறது. பிடித்து வைத்த தண்ணீர் முதலில் காலில் இறங்கும், அப்புறம் நுரையீரலில் ஏறும்.

எனலாபிரில் அல்லது லோசாட்டன், கூடவே மூத்திரக் குளிசை, அதற்கு மேல் நோக்குளிசை: இந்த மூன்றும் சேரும்போதுதான் சிறுநீரகம் சட்டென்று விழுகிறது. எனலாபிரிலும் ஸ்பைரனோலக்டோனும் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தி வைக்கும் மருந்துகள். சிறுநீரகமும் மந்தமானால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும். பெரியப்பா அந்தக் கிழமை உடம்புச் சூட்டுக்கு நல்லதென்று நாளும் இளநீர் வேறு குடித்திருக்கிறார். இளநீரில் பொட்டாசியம் அதிகம். யாருக்குத் தெரியும்?

டெங்குக் காலத்தில் பரசிட்டமோல் தவிர வேறு நோக்குளிசை போடாதே என்பது நம் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இதய நோயாளருக்கும் அதே குளிசைகள்தான் விலக்கு என்பதை அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை.

குளிசையை விட்டு வேறு வழி தேடுவது

குளிசை கூடாது என்று தெரிந்தவர்கள் ஊசி போட்டுக்கொள்கிறார்கள், அல்லது பின்பக்கம் வைக்கும் டைக்ளோபினாக்கை வாங்குகிறார்கள். எந்த வழியால் போனாலும் சேருமிடம் இரத்தம்தான். வயிற்றுக்குப் பழுதில்லாத புதிய நோக்குளிசை என்று விலை கூடியதைக் கேட்டு வருபவர்களும் உண்டு. செலிகொக்சிப், எட்டோரிகொக்சிப் போன்றவை வயிற்றுப் புண்ணைக் குறைக்கலாம். தண்ணீர் பிடிக்கும் குணம் அவற்றிலும் இருக்கிறது. வாயுக் குளிசையோடு சேர்த்துப் போட்டாலும் வயிறுதான் தப்பும், இதயம் தப்பாது.

பூசும் ஜெல் கொஞ்சம் வேறு கதை. ஒரு முழங்காலில் பூசும் டைக்ளோபினாக் ஜெல்லில் இரத்தத்துக்குப் போவது, குளிசையால் போவதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கிளினிக் டொக்டர் சம்மதித்தால் ஒரு மூட்டுக்குச் சில நாள் பூசலாம். இரண்டு கால், நாரி, தோள் என்று உடம்பெல்லாம் தேய்த்தால் அந்தக் கணக்குச் செல்லாது. இரத்தம் கட்டாமல் இருக்க வாபரின் எடுப்பவர்கள் வாசனை தூக்கும் நோ எண்ணெய்களையும் அளவோடுதான் தேய்க்க வேண்டும். அவற்றில் உள்ள மெத்தில் சாலிசிலேட் இரத்தக் கசிவைக் கூட்டும்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் நடக்கிறது. நோக்குளிசை ஆகாது என்று கேட்டதும், கிளினிக்கில் கொடுத்த 75 மில்லிகிராம் அஸ்பிரினையும் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். அது நோவுக்குக் கொடுத்ததல்ல. இதயக் குழாயில் இரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுத்தது. தானாக நிறுத்தக் கூடாது. அதனோடு இபுபுரூபன் போட்டால் அஸ்பிரினை வேலை செய்யவிடாமலும் தடுக்கலாம்.

அந்தத் தடிமன் குளிசை

பெரியம்மா வாங்கியதில் மூன்று மருந்து இருந்தது: பரசிட்டமோல், தும்மலுக்கு ஒன்று, மூக்கடைப்புக்கு பீனைல்எப்ரின். மூக்குத் திறக்க வேண்டுமென்றால் மூக்குக்குள் உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்க வேண்டும். பீனைல்எப்ரினும் அதைவிடப் பலமான சூடோஎபெட்ரினும் உடம்பெங்கும் உள்ள குழாய்களையும் சேர்த்துச் சுருக்கப் பார்க்கும். இரத்த அழுத்தம் கூடும், துடிப்பு வேகமாகும் அல்லது தடம் மாறும். தண்ணீர் ஏறித் தவிக்கிற இதயத்துக்கு அது மேல் சுமை. மூக்கில் விடும் ஒக்சிமெட்டாசொலின் சொட்டும் இதே வகைதான். துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள் கேட்காமல் விடக் கூடாது.

இங்கே பெரிய தவறு மருந்தைவிட நோயை அடையாளம் கண்டதில்தான் இருந்தது. தடிமன் என்றால் மூக்கு ஒழுகும், தொண்டை அரிக்கும். பெரியப்பாவுக்கு அவை எதுவும் இல்லை. படுத்தால் இருமல், எழும்பி இருந்தால் குறைவு, காலில் வீக்கம். இது நுரையீரலில் தண்ணீர் ஏறுகிற இருமல். தலையணையை இரண்டாக்கித் தருமாறு ஒருவர் கேட்கிறார் என்றால் தடிமன் குளிசை தேடிப் போகக் கூடாது.

நாட்டு மருந்துதானே என்று கசாயம் குடிப்பவர்களுக்கு ஒரு சொல். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் பிழையில்லை. ஆனால் இருமல் கசாயப் பொதிகளில் அதிமதுரம் சேர்ந்திருக்கும். நாட்கணக்கில் குடித்தால் அது உடம்பில் உப்பைப் பிடித்து வைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றும். மூத்திரக் குளிசையும் பொட்டாசியத்தை இழக்கச் செய்வதால் துடிப்புத் தடுமாற இடமுண்டு. பொதியின் பின்பக்கத்தை வாசியுங்கள். நாளுக்கு ஒன்றரை லீற்றர் என்று தண்ணீர் அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்குக் கசாயமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

அப்போ என்னதான் போடுவது?

பரசிட்டமோல். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளியில், நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை. 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், ஈரல் பழுதானவர்கள், நாளாந்தம் குடிப்பவர்கள் இதைவிடக் குறைக்க வேண்டும்; அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாபரின் எடுப்பவர் நாட்கணக்கில் போடுவதென்றால் கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும். தடிமன் குளிசைக்குள்ளும் பரசிட்டமோல் ஒளிந்திருப்பதால் இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறிவிடும்.

தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரையும் பரசிட்டமோல் வேண்டாம். பலவற்றில் ஒரு குளிசைக்குள் சுமார் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கும், அதாவது ஒரு கிராம் உப்பு. நாளுக்கு எட்டுப் போட்டால் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைத் தின்றதற்குச் சமம். கறியில் உப்பைக் குறைத்த பெரியம்மாவின் பாடு வீண்.

முழங்கால் தேய்வுக்குப் பரசிட்டமோல் டைக்ளோபினாக் அளவுக்கு வேலை செய்யாது. அதை மறைத்துப் பிரயோசனமில்லை. சுடுதண்ணீர் ஒத்தடம், தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி, கைத்தடி எல்லாம் சேர்ந்துதான் ஈடுகட்ட வேண்டும். தாங்க முடியாவிட்டால் கிளினிக்கில் சொன்னால் சிறுநீரகத்தைக் கெடுக்காத வேறு மருந்து எழுதுவார்கள். மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணீர்ச் சொட்டு போதும். தும்மலுக்கு குளோர்பெனிரமின் பெரும்பாலும் போடலாம், நித்திரை தூக்கும். மூத்திரம் தடைப்படும் ஆண்களுக்கு அது ஆகாது.

கடையில் கேட்கும்போது ‘நோக்குளிசை தாங்கோ’ என்று கேட்காமல் கிளினிக் கொப்பியை நீட்டுங்கள். உறையில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். பெயரில்லாத குளிசையை நாங்கள் பிறகு அடையாளம் காணப் படும் பாடு கொஞ்சமல்ல. பெரியப்பாவின் உறையில் மிஞ்சிய ஒன்றை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

நோக்குளிசையை நிறுத்தி, ஊசியால் மூத்திரம் போக்கி, ஐந்து நாளில் வீட்டுக்கு விட்டார்கள். நாளும் நிறை பார்க்கச் சொன்னார்கள். வீட்டில் இருப்பது நெல் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்றுதான். காலையில் மூத்திரம் போன கையோடு, தேத்தண்ணிக்கு முன், பெரியப்பா அதில் ஏறி நிற்பார். பெரியம்மா நிறையைப் பார்த்து வந்து கலண்டரில் குறிப்பா. மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ கூடினால் மாதக் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே போக வேண்டும். மூச்சுத் திணறினால், நெஞ்சு நொந்தால், மயக்கம் வந்தால் 1990. இதுவரை கலண்டரில் 58, 58, 57.5 என்றுதான் போகிறது.