32/30 என்றால் என்ன? பேன்ட் நீளத்தை வெட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெடிமேட் பேன்ட்டின் லேபிளில் 32/30 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் இடுப்புச் சுற்றளவு, இரண்டாவது உள்கால் நீளம். இரண்டும் இன்ச்சில்தான். இடுப்பு எண்ணை எல்லாரும் பார்த்துத்தான் வாங்குகிறோம். குழப்பம் வருவது இரண்டாவது எண்ணில்.

நம் ஊர் டெய்லர் பேன்ட்டுக்கு அளவெடுக்கும்போது, இடுப்புப் பட்டியின் மேல் விளிம்பில் டேப்பை வைத்து, காலின் வெளிப்பக்கமாகக் கீழே இறக்கி, "உயரம் 40" என்று குறித்துக்கொள்வார். லேபிளில் உள்ள 30 அந்த அளவு இல்லை. கவட்டையில் நாலு தையலும் வந்து சேரும் புள்ளியிலிருந்து, காலின் உள்பக்கத் தையல் வழியாகக் கீழ் ஓரம் வரை உள்ள நீளம் அது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் பேன்ட்டின் மேல்பாகம், அதாவது கவட்டைக்கு மேலே இடுப்புப் பட்டி வரை உள்ள பகுதி. சாதாரண பேன்ட்டில் இது சுமார் 10 இன்ச் வரும். தொப்புளுக்கு நன்றாகக் கீழே நிற்கும் ஜீன்ஸில் எட்டரை இன்ச்சாகக்கூட இருக்கும். பழைய பாணியில் உயர்த்திக் கட்டும் பேன்ட்டில் 12 இன்ச்சை நெருங்கும்.

இதனால்தான் "என் உயரம் எப்பவும் 40தான்" என்று சொல்லி எல்லா பேன்ட்டையும் வெட்டக் கொடுப்பது தப்பு. மேல்பாகம் 10 இன்ச் உள்ள பேன்ட்டில் உயரம் 40 என்றால் உள்கால் 30. அதே 40ஐ மேல்பாகம் எட்டரை இன்ச் உள்ள ஜீன்ஸுக்குச் சொன்னால் உள்கால் 31.5 ஆகிவிடும். ஒன்றரை இன்ச் கூடுதல் துணி செருப்புக்கு அடியில் போய் மிதிபடும். ரெடிமேட் பேன்ட் என்றால் ஆல்டரேஷன் கடையில் உள்கால் நீளத்தைச் சொல்லுங்கள். அது மேல்பாகத்தோடு சேர்ந்து கூடிக் குறைவதில்லை.

உங்கள் உள்கால் நீளத்தைத் தெரிந்துகொள்ள, உடம்பில் டேப் பிடிப்பதைவிட, உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பேன்ட் ஒன்றை அளப்பதே நம்பகமானது. மேசையில் சமமாகப் பரப்பி, ஒரு காலை மேலே மடித்து ஒதுக்கிவிட்டு, மற்றக் காலின் உள்தையலைச் சுருக்கமில்லாமல் நீவி, கவட்டைப் புள்ளியிலிருந்து ஓரம் வரை அளந்தால் போதும். ஜீன்ஸுக்கு ஜீன்ஸையும், ஃபார்மலுக்கு ஃபார்மலையும் அளப்பது நல்லது. ஷூவோடு போடுவதும் செருப்போடு போடுவதும் ஒரே நீளத்தில் நிற்காது.

இடுப்பைச் சரிசெய்யாமல் நீளத்தை வெட்டக் கொடுப்பது அடுத்த தவறு. இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். லேபிளில் 32 என்று போட்டிருந்தாலும் பட்டி பல நேரம் 33, 34 இன்ச்கூட இருக்கும். பிராண்டுக்குப் பிராண்ட் மாறும். பொத்தானைப் போட்டு, முன் பட்டியும் பின் பட்டியும் ஒன்றின்மேல் ஒன்று வரும்படி வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் உண்மையான சுற்றளவு கிடைத்துவிடும். பட்டி தொளதொளவென்று இருந்தால் பேன்ட் ஒரு இன்ச் கீழே இறங்கி நிற்கும். அந்த நிலையில் நீளத்தைக் குறித்து வெட்டிவிட்டு, அப்புறம் இடுப்பைப் பிடித்துத் தைத்தாலோ பெல்ட்டை இறுக்கினாலோ, பேன்ட் மேலே ஏறிக் கணுக்கால் தெரியும். முதலில் இடுப்பு, அப்புறம்தான் நீளம். வழக்கமாக பெல்ட் போடுபவர் என்றால் அளவு குறிக்கும்போதும் அதே பெல்ட்டோடு நில்லுங்கள்.

மூன்றாவது, துவைக்காமல் வெட்டுவது. பாலியெஸ்டர் கலந்த ஃபார்மல் துணி பெரிதாகச் சுருங்காது. பருத்தி ஜீன்ஸ் அப்படி இல்லை. முதல் சில சலவைகளில் நீளவாக்கில் 3 சதவீதம் சுருங்கினாலே 30 இன்ச்சில் கிட்டத்தட்ட ஒரு இன்ச் போய்விடும். ஒன்றிரண்டு முறை துவைத்துக் காயவைத்த பிறகு வெட்டக் கொடுங்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்குப் பொருந்தும் உள்கால் நீளம் 28.5 இன்ச். கடையில் ஜீன்ஸ் 30, 32 என்று இரண்டு நீளத்தில் கிடைக்கிறது. எப்படியும் வெட்டத்தானே போகிறோம் என்று 32ஐ எடுக்காமல் 30ஐ எடுக்கிறார். துவைத்த பிறகு அளந்தால் 29.25 ஆகியிருக்கிறது. குறைக்க வேண்டியது முக்கால் இன்ச்தான். ஆனால் ஜீன்ஸ் ஓரத்தை அரை அரை இன்ச்சாக இரண்டு மடிப்பு மடித்துத் தைக்க ஒரு இன்ச் துணி வேண்டும். அப்படியானால் வெட்டும் கோடு 29.5ல் வர வேண்டும். இப்போதைய ஓரமே 29.25ல் இருக்கிறதே! அதனால் பழைய தையலைப் பிரித்து, உள்ளே மடிந்திருக்கும் துணியை இறக்கிய பிறகுதான் வெட்ட முடியும். பிரிக்கச் சோம்பல்பட்டு அப்படியே வெட்டினால் மடிக்கத் துணி இருக்காது. மீறி மடித்தால் பேன்ட் குட்டையாகிவிடும்.

இங்கேதான் சாக்பீஸ் கோடு சிக்கலாகிறது. பேன்ட் முடிய வேண்டிய இடம் என்று நீங்கள் காட்டிய கோட்டை, வெட்டும் இடம் என்று டெய்லர் எடுத்துக்கொண்டால், ஜீன்ஸில் ஒரு இன்ச்சும் ஃபார்மலில் அதைவிட அதிகமாகவும் குறைந்துவிடும். "தைத்து முடித்த நீளம் 28.5" என்று ஒரு சீட்டில் எழுதி பேன்ட்டோடு குத்திக் கொடுங்கள்.

அளவு குறிக்கும்போது குனிந்து பார்க்காதீர்கள். குனிந்தால் பேன்ட் நிற்கும் நிலை மாறிவிடும், நீங்கள் பார்ப்பது உண்மையான நீளமாக இருக்காது. நேராகப் பார்த்து நின்றுகொண்டு, வேறொருவரை ஊசி குத்தச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் தனித்தனியாகக் குறிப்பது அவசியம். பலருக்கு ஒரு கால் சற்று நீளமாகவோ, ஒரு பக்க இடுப்பு சற்று உயரமாகவோ இருக்கும்.

எங்கே முடிக்கலாம் என்பதைப் பெரும்பாலும் பாட்டம் அகலமே தீர்மானிக்கிறது. பாட்டம் சுற்றளவு 16 இன்ச்சும் அதற்கு மேலும் இருந்தால் துணி ஷூவின் மேல் இறங்கும். முன்னால் ஒரு லேசான மடிப்பு விழுந்து, பின்னால் ஹீல் தொடங்கும் இடம் வரை வரலாம். பாட்டம் 13, 14 இன்ச் என்று ஒடுங்கியிருந்தால் துணி ஷூமேல் இறங்காமல் அங்கேயே தங்கிச் சுருங்கும். ஒடுங்கிய பாட்டத்துக்கு ஷூவைத் தொட்டும் தொடாமலும் முடிப்பதுதான் அழகு.

நிறைய வெட்ட வேண்டியிருக்கும் பேன்ட்டை வாங்கவே வேண்டாம் என்பேன். கீழே போகப்போக ஒடுங்கும் பேன்ட்டில் நாலு இன்ச் வெட்டினால், ஒடுங்கிய பகுதிதான் குப்பைக்குப் போகிறது. பாட்டம் அகலமாகிவிடும், முழங்காலுக்கென்று வடிவமைத்த இடமும் முழங்காலுக்குக் கீழே இறங்கி நிற்கும். வேறு வழியில்லை என்றால் முழங்காலிலிருந்து மறுபடி ஒடுக்கித் தைக்கச் சொல்லலாம். கூலி கூடும், ஆனால் பேன்ட் பேன்ட்டாக இருக்கும். கீழே விரியும் பூட்கட் ஜீன்ஸில் அதுவும் நடக்காது, வெட்டிய விரிவு திரும்பி வராது.

ஃபார்மல் பேன்ட்டில் மிச்சத் துணி முழுவதையும் வெட்டி எறிய விடாதீர்கள். ஒன்றரை முதல் இரண்டு இன்ச் வரை உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். வளரும் பையனின் பள்ளிப் பேன்ட் என்றால் மூன்று இன்ச்கூட விடலாம், அடுத்த ஜூனில் பிரித்து இறக்கிவிடலாம்.