கடையை மூடும்போது பணிக்கொடை கொடுத்தால் மட்டும் கணக்கு முடியாது

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தனி உரிமையாளர் மண்டிகளில் கணக்கு பார்க்க வரும் புதியவர்கள் எல்லோரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். சம்பள பாக்கி, போனஸ், லீவு காசு எல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

பணிக்கொடை வேறு, மூடல் இழப்பீடு வேறு

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளியூரில், மண்டியை மூடுகிறார். 12 பேர் வேலை செய்கிறார்கள். மூட்டை இறக்கும் ஒருவரின் சம்பளம் 15,600, சர்வீஸ் 14 வருடம் 8 மாதம். கணக்குப் பையன் 15,600-ஐ 26-ஆல் வகுத்து, 15 நாளுக்கு 9,000 போட்டு, ஆறு மாதத்துக்கு மேல் போனதால் 15 வருடமாக எடுத்து 1,35,000 பணிக்கொடை என்று எழுதினான். அதுவரை சரி. அதோடு கோடு போட்டு மூடிவிட்டான்!

நிறுவனம் மூடும்போது, ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஆள்குறைப்பு மாதிரியே இழப்பீடும் ஒரு மாத எழுத்து நோட்டீசும் தரவேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இது அப்படியே இருக்கிறது. இங்கே வருடத்துக்கு 15 நாள் என்றால் பாதி மாதச் சம்பளம், 26-ஆல் வகுக்கும் வழக்கம் பணிக்கொடைக்கு மட்டும்தான். ஆக 7,800 பெருக்கல் 15, 1,17,000. நோட்டீஸ் தராமல் மூடினால் இன்னும் 15,600 சேர்ந்து மொத்தம் 2,67,600. அவன் எழுதியதில் பாதிதான் இருந்தது.

'தவிர்க்க முடியாத சூழ்நிலை' என்று காட்டி இழப்பீட்டை மூன்று மாதச் சம்பளத்தோடு, அதாவது 46,800-ஓடு நிறுத்தப் பார்ப்பவர்களும் உண்டு. முதலாளி கைமீறிய காரணத்துக்குத்தான் அந்தச் சலுகை. ஓய்வு எடுப்பது அவர் முடிவு செய்வது, பண நெருக்கடியை மட்டும் காட்டியும் தப்ப முடியாது. முதலாளி இறந்துபோனால் அந்த வாதம் எடுபடலாம், ஓய்வுக்கு எடுபடாது.

இழப்பீட்டைத் தவிர்க்கத் தொழிலாளியிடம் ராஜினாமாக் கடிதம் வாங்காதீர்கள்.

ஐந்து வருட விலக்கு

ஐந்து வருட சர்வீஸ் முடியாமலே பணிக்கொடை கிடைப்பது, தொழிலாளி இறந்தாலோ, உடல் ஊனத்தால் வேலை போனாலோ, குறித்த கால ஒப்பந்தம் முடிந்தாலோதான். முதலாளி இறந்தால் அல்ல.

முதலாளி இறந்தபின் காசோலை

அவர் கையெழுத்துப் போட்டு வைத்த காசோலையை வங்கியில் போடாதீர்கள், தகவல் தெரிந்ததும் கரண்ட் அக்கவுண்ட் முடங்கும். ஆனால் மூடலால் வேலை போனவருக்குச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள்ளும், பணிக்கொடையை முப்பது நாளுக்குள்ளும் தரவேண்டும். அதனால் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்த கையோடு, முதலில் சம்பளத்துக்கு வீட்டார் கைப்பணத்தைப் புரட்டச் சொல்லுங்கள். மீதி பாக்கியை அவர் விட்டுப்போன சொத்திலிருந்து தரலாம், அந்தச் சொத்தின் அளவு வரைதான் வாரிசுகளின் பொறுப்பு. சரக்கை விற்ற பணத்தைப் பங்கு பிரிக்கும் முன் இந்தப் பாக்கிகளின் பட்டியலை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.