ஆறு வயதுக் குழந்தைக்குப் பிறந்தநாள் புதையல் வேட்டை: ஐந்து சீட்டுகளில் பரிசு வரை

பரிசை நேராகக் கையில் கொடுத்தால் உறையைக் கிழிக்கும் அரை நிமிடத்தோடு எல்லாம் முடிந்துவிடும். வீட்டுக்குள்ளேயே ஐந்து சீட்டுகளை ஒளித்துவைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குழந்தையை நகர்த்தினால் அதே பரிசு கால் மணி நேர விளையாட்டாகும். ஆறு வயதுக்கு ஐந்து சீட்டு போதும். எட்டு, பத்து என்று கூட்டினால் பாதியிலேயே "பரிசு எங்கே?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

தேவையானவை: உள்ளங்கை அளவில் வெட்டிய ஐந்து கெட்டி அட்டைகள், ஸ்கெட்ச் பேனா, ஒரு சிறு உறை, செலோடேப், ஒட்டி எடுக்கக்கூடிய சிறு குறிப்புத்தாள்கள், அச்செடுத்த இரண்டு புகைப்படங்கள்.

முதலில் முடிவைத் தீர்மானியுங்கள்

வேட்டையைப் பின்னாலிருந்து முன்னால் கட்ட வேண்டும். பரிசு எங்கே இருக்கப்போகிறது என்பது முதல் கேள்வி. இங்கே அலமாரியின் கீழ்த்தட்டு என்று வைத்துக்கொள்வோம். 'அலமாரி' என்பதில் நான்கு எழுத்துகள்: அ, ல, மா, ரி. முதல் நான்கு சீட்டுகளின் பின்பக்கத்தில் சீட்டுக்கு ஓர் எழுத்தும் அந்தச் சீட்டின் எண்ணும். ஐந்தாவது சீட்டில் நான்கு காலிக் கட்டங்கள். எழுத்துகளை வரிசையாக அடுக்கினால் புதையல் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

'மா', 'ரி' இரண்டையும் முழு எழுத்தாகவே எழுதுங்கள். காலையும் மேல்விலங்கையும் தனியே பிரித்தால் குழந்தை குழம்பும். உங்கள் வீட்டில் அலமாரியை பீரோ என்றுதான் சொல்வீர்கள் என்றால் இந்தச் சொல் உதவாது. குழந்தை தினமும் சொல்லும் சொல்லையே எடுத்து, அதன் எழுத்துகளை எண்ணி, அதற்கேற்பச் சீட்டுகளை வையுங்கள். 'கட்டில்' என்றாலும் நான்கு எழுத்துதான்.

ஐந்து சீட்டுகள்

சீட்டு 1, பின்னால் 'அ'. இதை நீங்களே கையில் கொடுப்பீர்கள். தலையணையின் படம் மட்டும் இருக்கட்டும். எப்படி விளையாடுவது என்பதை இந்தச் சீட்டுதான் கற்றுத்தரும், அதனால் மிக எளிதாக இருக்க வேண்டும்.

சீட்டு 2, பின்னால் 'ல'. தலையணைக்கு அடியில் இருக்கும். குழந்தையின் ஷூ நாடாவை மிக நெருக்கமாக எடுத்த புகைப்படத்தை ஒட்டுங்கள். முழு ஷூவும் தெரிந்தால் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. மிகவும் நெருங்கிவிட்டால் எதுவென்றே புரியாது. நாடாவும் அது கோத்திருக்கும் ஓரிரு துளைகளும் தெரிவது சரியான அளவு.

சீட்டு 3, பின்னால் 'மா'. ஷூவுக்குள் இருக்கும். இதில் ஒரு விடுகதை:

"நாலு கால் உண்டு, நடக்க மாட்டேன்.
என் மேல் உட்கார்ந்து நீ படம் வரைவாய்.
எனக்குக் கீழே பார்!"

முதல் வரியோடு நிறுத்தியிருந்தால் மேசை, கட்டில், நாற்காலி மூன்றுமே விடையாகிவிடும். குழந்தை மேசைக்கடியில் தேடி ஒன்றும் கிடைக்காமல் திரும்பும், அது தப்பாகவும் யோசிக்கவில்லை. இரண்டாவது வரி வீட்டிலுள்ள எல்லா நாற்காலிகளிலும் அந்த ஒன்றைச் சுட்டுகிறது. மூன்றாவது வரி இல்லாவிட்டால் இருக்கையின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்க்க அந்த வயதில் தோன்றாது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு விடுகதையையும் இப்படிச் சோதியுங்கள்: இதற்கு வீட்டில் வேறு எது விடையாகலாம்? வரிக்கு ஐந்தாறு சொற்களுக்கு மேல் வேண்டாம். இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள் என்றால் விடுகதைக்குப் பதில் நாற்காலியின் சிறு படம் ஒன்றை வரைந்துவிடுங்கள்.

சீட்டு 4, பின்னால் 'ரி'. நாற்காலியின் அடிப்பக்கத்தில் டேப்பால் ஒட்டிய உறை. உள்ளே பள்ளிப் பையின் புகைப்படம், நான்கு துண்டுகளாக வெட்டியது. எழுத்தையும் சீட்டின் எண்ணையும் அட்டையில் எழுதி அதையும் உறைக்குள் போடுங்கள். துண்டுகளின் பின்னால் எழுதினால் சேர்க்கும்போது எழுத்து காணாமல் போகும்.

சீட்டு 5. பள்ளிப் பையின் வெளிப்பக்கப் பையில் இருக்கும். நான்கு கட்டங்கள், அவற்றின் கீழ் 1, 2, 3, 4. மேலே "எழுத்துகளை அடுக்கு!" என்று ஒரு வரி.

பொம்மைக் கூடையில் மட்டும் எதையும் ஒளிக்காதீர்கள். நாலு நாளாகக் காணாமல் போயிருந்த பொம்மை கண்ணில் பட்டால் வேட்டை அங்கேயே நின்றுவிடும். அடுப்பு, மருந்து டப்பா, ஏறி எட்ட வேண்டிய இடம், தண்ணீர்ப் பக்கம் இவையும் வேண்டாம். குழந்தையின் கண் மட்டத்திலோ அதற்குக் கீழோ இருப்பதே நல்லது.

ஒளிக்கும்போது நடக்கும் குளறுபடி

பெரும்பாலான வேட்டைகள் குலைவது ஒரே காரணத்தால்: ஷூ படம் உள்ள சீட்டை ஷூவுக்குள்ளேயே வைத்துவிடுவது. படம் காட்டுவது அடுத்த இடத்தை, சீட்டு இருப்பது முந்தைய இடத்தில். கையில் சீட்டோடு அவசரமாக நடக்கும்போது இது எளிதில் தடுமாறும். ஒவ்வொரு சீட்டின் மேலும் ஒரு குறிப்புத்தாளை ஒட்டி, அது *இருக்க வேண்டிய* இடத்தை எழுதுங்கள்: 2 தலையணை, 3 ஷூ, 4 நாற்காலி, 5 பை. ஒளித்ததும் தாளை உரித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு தாளும் கைக்கு வந்துவிட்டால் நான்கும் இடத்தில் இருக்கின்றன. பிறகு ஒருமுறை குழந்தையாகவே நடந்து பாருங்கள்.

ஒளிக்கும் நேரமும் முக்கியம். முந்தைய இரவே தலையணைக்கடியில் வைத்தால் காலையில் சீட்டு கசங்கிக் கிடக்கும். பரிசை அலமாரியில் முன்கூட்டியே வைத்தால் புதுத்துணி எடுக்கத் திறக்கும்போதே குட்டு உடைந்துவிடும். குழந்தை உடுத்தி முடித்து வேறு அறையில் இருக்கும் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் வைத்துவிடுங்கள்.

விளையாட்டின்போது

கூடவே நடங்கள், ஆனால் ஒளித்த இடத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் கண் போகும் திசையை அவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் திணறினால் முதலில் சீட்டைச் சத்தமாகப் படியுங்கள். அதுவும் போதவில்லை என்றால் எந்த அறை என்று சொல்லுங்கள். விடையைச் சொல்வது கடைசி வழி. வேறு குழந்தைகளும் வந்திருந்தால் ஆளுக்கொரு சீட்டைப் பிரிக்கும் வேலை கொடுத்துவிடுங்கள். கடைசிச் சீட்டும் அலமாரிக் கதவும் பிறந்தநாள் குழந்தைக்கு.

கண்டுபிடித்த சீட்டைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடுவதுதான் இந்த வயது. எழுத்துகள் இல்லாமல் முடிவு வராது என்பதால், சீட்டுகளைப் போட்டுவைக்க ஆரம்பத்திலேயே ஒரு சிறு பையைத் தோளில் மாட்டிவிடுங்கள். எழுத்துகளைச் சேர்த்துப் படிக்கத் தடுமாறினால் முதல் இரண்டை நீங்கள் கட்டத்தில் வைத்து 'அல...' என்று இழுத்தால் போதும், மீதியை அவர்களே முடித்துவிடுவார்கள். பரிசுக்கு பேட்டரி வேண்டுமென்றால் போட்டுவைத்து, பொம்மையைப் பெட்டியோடு கட்டியிருக்கும் கம்பிகளையும் முன்பே வெட்டிவிட்டு உறையிடுங்கள்.