நூல் மில்லிடம் 30 நாள் கெடுவை 60 நாளாக்குவது எப்படி? (மனஸ்தாபம் இல்லாமல்)

திருப்பூரில் சின்ன அளவில் பனியன் ஏற்றுமதி செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வெளிநாட்டு பையர் பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து 30 நாளில் பணம் தந்துகொண்டிருந்தார், திடீரென்று 60 நாள் என்றார். நூல் மில்லுக்கோ நாங்கள் 30 நாளில் கட்ட வேண்டும். நடுவில் விழுந்த அந்த ஒரு மாத ஓட்டையை மில்லிடம் பேசித்தான் அடைத்தேன். பர்ச்சேஸ் ஆர்டர், லெட்ஜர், பில்வாரி நிலுவை இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கவே கூடாது

எல்லா சப்ளையரிடமும் 60 நாள் கேட்க முடியாது. 2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். 60 நாள் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாலும் 45-தான் கணக்கு. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். 2024 ஏப்ரலில் 43பி(எச்) என்று நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியும் சேர்ந்துகொள்கிறது. கெடு தாண்டியும் கட்டாமல் நிதியாண்டு முடிந்தால், அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது, கட்டிய ஆண்டில்தான் காட்டலாம்.

அதனால் நிட்டிங், டையிங், பிரிண்டிங் யூனிட்டுகளை விட்டுவிடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை குறு, சிறு வகைதான். கேட்க வேண்டிய இடம் நடுத்தர அல்லது பெரிய நூற்பாலை. நூல் வியாபாரிகளிடமும் கேட்கலாம், ஏனென்றால் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு இருந்தாலும் இந்த 45 நாள் பாதுகாப்பு கிடையாது. ஊகிக்க வேண்டாம், உத்யம் சான்றிதழை வாங்கி எந்த வகை என்று பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் இந்த வகைகளைப் பிரிக்கும் வரம்பு மாறியிருப்பதால் பழைய சான்றிதழை நம்பக் கூடாது.

2. அவருக்கு ஆகும் செலவை நீங்களே கணக்குப் போடுங்கள்

மாதம் 4,000 கிலோ, கிலோ 250 ரூபாய் என்றால் 10 லட்சம். இன்னும் 30 நாள் தள்ளினால் மில்லின் 10 லட்சம் நிரந்தரமாக உங்களிடம் நிற்கும். மில்லின் வங்கி வட்டி 11 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள்:

```
=1000000*11%*30/365
```

9,041 ரூபாய் வரும். கிலோவுக்கு ஏறக்குறைய 2 ரூபாய் 26 காசு. மில்காரர் "கிலோவுக்கு மூணு ரூபா ஏத்திக்கலாம்" என்றால் மாதம் 12,000, அதாவது ஆண்டுக்குப் பதினாலரை சதவீத வட்டி. உங்கள் ஓவர்டிராஃப்ட் அதைவிடக் குறைவென்றால் வங்கியிலேயே வாங்கி 30 நாளில் கட்டிவிடுவது நல்லது. இதற்கு டேலி ரிப்போர்ட் போதாது. எந்தத் தேதியில் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே என்று ஒரே பக்க எக்செல் ஷீட்தான் எனக்குப் பிடித்தது. அதை அச்செடுத்து மில்காரர் முன்னால் வைக்கலாம் என்பதும் ஒரு காரணம்.

3. பழைய பாக்கியை முடித்துவிட்டுப் போங்கள்

இதற்கு விளக்கம் தேவையில்லை. கெடு தாண்டிய ஒரு பில் இருந்தாலும் பேச்சு அதிலேயே நின்றுவிடும்.

4. பேச்சு

ஏஜென்ட் மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள். அவர் வாயில் அது "பார்ட்டி டைட்டா இருக்காங்க" என்று மாறித்தான் போய்ச் சேரும். நேரில் போங்கள், ஆனால் ஏஜென்ட்டுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

நான் போனபோது மில்காரர் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க, தொழில் ஏதும் இழுவையாப் போகுதுங்களா?" கெடு கேட்டாலே எதிராளிக்கு வரும் பயம் இதுதான். வாயால் மறுத்துப் பயனில்லை. பையரின் பழைய ஆர்டரையும் புதிய ஆர்டரையும் அருகருகே வைத்தேன். "இல்லைங்கண்ணா, அவங்க முப்பது நாள் தள்ளிட்டாங்க. அந்த முப்பதைத்தான் உங்ககிட்ட கேக்கறேன், ஒரு நாள் கூட அதிகம் இல்லைங்க" என்றேன். கேட்கும் நாளுக்கும் காட்டும் காகிதத்துக்கும் கணக்கு நேராக இருந்ததால் மேற்கொண்டு விசாரணை இல்லை.

பதிலுக்கு மூன்று மாதத்துக்கான நூல் தேவையை கவுண்ட் வாரியாக எழுதிக் கொடுத்தேன். மில்லுக்கு உற்பத்தியைத் திட்டமிட அது உதவும். வெற்றுக் காசோலை மட்டும் கொடுக்காதீர்கள், கேட்டாலும்.

5. ஒரே தாவலாகத் தாவாதீர்கள்

எங்கள் பேச்சு கிட்டத்தட்ட முறிந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 60 நாளுக்கு மில்காரர் சம்மதித்துவிட்டார். பக்கத்தில் இருந்த அக்கவுண்டன்ட்தான் காலண்டரைப் புரட்டி, "அப்ப நடுவுல ரெண்டு மாசம் வசூலே இல்லைங்களே" என்றார்.

அவர் சொன்னது சரி. பில் மாதம் ஒன்றாம் தேதி என்று வையுங்கள். ஏப்ரல் பில் பழைய 30 நாள், மே 1 அன்று பணம் போகும். மே பில்லுக்கு 60 நாள் என்றால் அடுத்த பணம் ஜூன் 30-ல்தான். மில்லும் பஞ்சுக்குப் பணம் கட்ட வேண்டும். வட்டியைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், இந்த வெற்று இடைவெளிதான் அவர்களை உறுத்தும்.

மாதம் பத்து நாளாக ஏற்றினால் தீர்ந்தது. மே பில்லுக்கு 40 நாள், ஜூனுக்கு 50, ஜூலையிலிருந்து 60. பணம் போகும் தேதிகள்: மே 1, ஜூன் 10, ஜூலை 21, ஆகஸ்ட் 30, அப்புறம் செப்டம்பர் 30. எந்த மாதமும் வசூல் இல்லாமல் போகவில்லை. இரண்டு தேதிகளுக்கு நடுவே அதிகபட்சம் 41 நாள்தான். இந்தத் தேதிகளையே காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன், அதற்குப் பிறகு அக்கவுண்டன்ட்டே நம் பக்கம் பேசினார்.

6. எழுத்தில்

"60 நாள்" என்று மட்டும் எழுதாதீர்கள். பில் தேதியிலிருந்தா, சரக்கு வந்த தேதியிலிருந்தா என்று குறிப்பிடுங்கள். லாரி நான்கு நாள் தாமதமானால் சண்டை இங்கேதான் வரும். கெடு ஞாயிறு அல்லது வங்கி விடுமுறையில் விழுந்தால் முந்தைய வேலைநாளில் கட்டுவோம் என்று நீங்களே சேர்த்துவிடுங்கள். உங்களுக்கு அதில் ஓரிரு நாள்தான் நஷ்டம். ஒவ்வொரு பில்லுக்கும் ஆர்டிஜிஎஸ் விவரத்தை அன்றே அனுப்பிவிடுங்கள், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த நண்பர் ஒருவர் 60 நாள் வாங்கிவிட்டார். இரண்டாவது மாதமே மில் லோடை நிறுத்திவிட்டது. காரணம் கெடு இல்லை, கடன் வரம்பு. அவருக்கு மில் வைத்திருந்த வரம்பு 12 லட்சம். மாதம் 10 லட்சத்துக்கு வாங்குகிறவருக்கு 30 நாளில் அது போதும், 60 நாளில் 20 லட்சம் நிலுவை நிற்கும். மில்லின் கம்ப்யூட்டர் 12 லட்சத்தைத் தாண்டியதும் டெலிவரி சலானே போடாது. மார்க்கெட்டிங் ஆளுக்கு விஷயம் தெரியும், ஆனால் வரம்பை உயர்த்தும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஆகவே நாளையும் வரம்பையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். மில் கொடுக்கும் கிரெடிட் லிமிட் ஒப்புதல் மெயில் கைக்கு வரும்வரை பழைய 30 நாளிலேயே கட்டிக்கொண்டிருங்கள்.