ராஜினாமா கடிதத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதும் முன்

நாமாக வேலையை விட்டால் வேலையின்மைக் காப்பீட்டுப் பணம் வராது என்று நினைத்துப் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. முதல் தவறு அதுதான். பல நாடுகளில், தகுந்த காரணத்தோடு விட்டவருக்கும் பணம் உண்டு. ஆனால் நமக்கு நியாயமாகப் படும் காரணம் மட்டும் போதாது. கனடாவின் சட்டம் கேட்பது இதைத்தான்: எல்லாச் சூழ்நிலையையும் பார்த்தால், அந்த நேரத்தில் வேலையை விடுவதைத் தவிர நியாயமான வேறு வழி இருந்ததா? தொல்லை, ஆபத்தான பணியிடம், சம்பளத்தில் பெரிய மாற்றம் என்று காரணங்களை அந்தச் சட்டமே அடுக்குகிறது. அவற்றில் ஒன்று நமக்குப் பொருந்தினாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கிடங்கில் பாரம் தூக்கும் ஒருவருக்கு முதுகுவலி. பாரம் தூக்காதே என்று மருத்துவர் வாயால் சொல்கிறார். இவரும் மேற்பார்வையாளரிடம் வாயால் சொல்கிறார். அவர் கண்டுகொள்ளவில்லை. வெறுத்துப்போய், ‘சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார். நாகரிகமாக விலகுவதாக அவர் நினைப்பு. நிறுவனமோ ‘தானாக விலகினார்’ என்று பதிவு செய்கிறது. அப்புறம் காப்பீட்டுப் பணத்துக்கு விண்ணப்பிக்கும்போது அங்குள்ள அதிகாரி கேட்கிறார்: மருத்துவச் சான்று எங்கே? இலகுவான வேலை கேட்டீர்களா? நோய் விடுப்பு எடுத்திருக்கலாமே? மூன்றுக்கும் அவர் கையில் எதுவும் இல்லை. வலி உண்மைதான், கோரிக்கை தோற்றுவிடுகிறது.

அதே மனிதர் எவ்வளவு எடை தூக்கலாம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, அதை இணைத்து மின்னஞ்சலில் மாற்று வேலை கேட்டு, ‘அப்படி வேலை இங்கே இல்லை’ என்ற பதிலும் கிடைத்த பிறகு, அந்தக் காரணத்தையே கடிதத்தில் எழுதி விலகியிருந்தால் கதை வேறு. வலி அதேதான், ஆனால் வேறு வழி தேடிப் பார்த்ததற்கு இப்போது காகிதம் இருக்கிறது.

காலமும் கணக்கில் வரும். ஜனவரியில் சம்பளத்தைக் குறைத்தார்கள் என்று அக்டோபரில் விலகினால், ‘ஒன்பது மாதம் ஏற்றுக்கொண்டுதானே வேலை செய்தீர்கள்?’ என்று கேட்பார்கள். கடிதத்தில் ஒன்று, விண்ணப்பத்தில் இன்னொன்று என்று காரணத்தை மாற்றுவதும் ஆபத்து. முதலில் எழுதியதற்குத்தான் பெரும்பாலும் எடை அதிகம்.

‘நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நீக்கிவிடுவோம்’ என்று சொன்னால்? சரி, கையெழுத்து உங்களுடையதுதான். ஆனாலும் நிறுவனம் நெருக்கியதைக் கனடாவில் ஒரு சூழ்நிலையாகக் கணக்கில் எடுப்பார்கள். யார், என்று, என்ன வார்த்தையில் சொன்னார் என்று அன்றைக்கே குறித்து வையுங்கள்.

காரணம் ஏற்கப்படாவிட்டால் விளைவு நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் பொதுவாக 12 வாரம் பணம் நிறுத்தப்படும், மொத்தக் காலமும் குறையும். கனடாவில் அந்த வேலையை வைத்துப் பணமே கிடையாது. அங்கே மறுபரிசீலனை கேட்க, முடிவு தெரிந்ததிலிருந்து 30 நாள்தான்.